ஒரே புராஜெக்ட், ஐந்து வரிகள்: டேட்டா வேலைக்கான ரெஸ்யூமேயில் எந்த எண்ணை எழுதுவது?

டேட்டா அனலிஸ்ட், டேட்டா சயின்டிஸ்ட் போன்ற வேலைகளுக்கு முதன்முறையாக விண்ணப்பிப்பவரின் ரெஸ்யூமேயில், பணி அனுபவம் இருக்க வேண்டிய இடத்தை வகுப்பில் செய்த புராஜெக்ட்டுகளே நிரப்புகின்றன. ஒரு புராஜெக்ட்டுக்கு இரண்டு அல்லது மூன்று வரிகளுக்கு மேல் இடம் கிடைக்காது. அந்த வரிகளில் விளைவை எண்ணாகக் காட்ட வேண்டும் என்ற அறிவுரை கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து மூத்த மாணவர்கள் வரை எல்லோரிடமிருந்தும் கிடைத்துவிடுகிறது. எந்த எண்ணைக் காட்டுவது என்பதை மட்டும் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரே புராஜெக்ட்டிலிருந்து ஐந்து விதமான எண்களை எடுக்க முடியும். அவற்றுள் சில வாசிப்பவரிடம் எதையும் சொல்வதில்லை, ஒன்று விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மையையே கெடுத்துவிடும், இரண்டு மட்டுமே நேர்காணலில் கேள்விக்கு மேல் கேள்வி வந்தாலும் தாக்குப்பிடிக்கும். அந்த ஐந்தையும் ஒரு புராஜெக்ட்டைக் கொண்டே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளும் புராஜெக்ட், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எந்த வாடிக்கையாளர்கள் விலகிச் செல்வார்கள் என்று கணிப்பது. இதற்கான தரவு ஐபிஎம் நிறுவனம் மாதிரிக்காக உருவாக்கி வெளியிட்டது. காகிள் தளத்திலிருந்து எவரும் இறக்கிக்கொள்ளலாம், பல கல்லூரிகளில் இதுவே பயிற்சிக்குக் கொடுக்கப்படுகிறது. அதில் 7043 வாடிக்கையாளர்களும் 21 பத்திகளும் உள்ளன. 7043 பேரில் 1869 பேர், அதாவது 26.5 சதவீதத்தினர், விலகியவர்கள். இந்த நிறுவனம் கற்பனையானது என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் ஒரு முடிவுக்கு அது காரணமாகப் போகிறது.

மாணவர் ஒருவர் தரவில் 20 சதவீதத்தைச் சோதனைக்காகத் தனியே எடுத்துவைக்கிறார் என்று கொள்வோம். விலகியவர்களின் விகிதம் மாறாமல் பிரித்தால் சோதனைப் பகுதியில் 1409 பேர் இருப்பார்கள். அவர்களில் 374 பேர் விலகியவர்கள், 1035 பேர் தங்கியவர்கள். மீதித் தரவில் சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரஷன் மாடலைப் பயிற்றுவித்து, இந்த 1409 பேர்மீது சோதிக்கிறார். மாடல் 318 பேரை விலகுவார்கள் என்று குறிக்கிறது. அவர்களில் 209 பேர் உண்மையில் விலகியவர்கள், 109 பேர் தங்கியவர்கள். விலகிய 165 பேரை மாடல் தவறவிட்டுவிடுகிறது. இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தாம் என்றாலும், இந்தத் தரவில் இந்த மாடலை ஓட்டுபவருக்கு இவற்றை ஒட்டிய எண்களே கிடைக்கும்.

பெரும்பாலோர் எழுதும் முதல் வகை வரி இப்படி இருக்கும்:

"லாஜிஸ்டிக் ரிக்ரஷன் மாடல் மூலம் வாடிக்கையாளர் விலகலை 80.55% அக்யூரசியுடன் கணித்தேன்."

கணக்கில் பிழை இல்லை. 1409 பேரில் 1135 பேரைப் பற்றி மாடல் சரியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் எந்த மாடலும் இல்லாமல், எல்லோரும் தங்குவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 1035 பேரைப் பற்றிச் சரியாகச் சொன்னதாகிவிடும், அதுவே 73.5 சதவீதம். இந்தத் தரவை அறிந்த நேர்காணலாளருக்கு, அப்படி அறிந்தவர்கள் மிகப் பலர், 80 என்ற எண்ணைப் பார்த்ததும் 73.5 நினைவுக்கு வந்துவிடும். தரவை அறியாதவருக்கோ 80 என்பது நல்லதா மோசமா என்று சொல்ல வழியே இல்லை. இரு தரப்பினருக்கும் பயன்படாத வரி இது. தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இரண்டு இலக்கங்கள் நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன, ஏனெனில் 1409 பேரில் ஒருவர் மாறினாலே அந்த எண் 0.07 மாறிவிடும். வேறொரு விதையெண்ணைக் கொடுத்துத் தரவை மறுபடி பிரித்தால் முழு எண்ணே நகர்ந்துவிடக் கூடும்.

இரண்டாவது வகை வரி அடிப்படை அளவோடு ஒப்பிடுவது:

"சோதனைத் தரவில் அக்யூரசியை 73% அடிப்படை அளவிலிருந்து 81% ஆக உயர்த்தினேன், தவறான கணிப்புகள் 374-இலிருந்து 274 ஆகக் குறைந்தன."

முதல் வரியைவிட இது எவ்வளவோ மேல். எதிலிருந்து எங்கே வந்தோம் என்பது தெரிகிறது, எழுதியவர் எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்லும் `DummyClassifier` போன்ற ஒன்றை முதலில் ஓட்டிப் பார்த்தவர் என்பதும் தெரிகிறது. இங்கே ஒரு சிறு கவனம் தேவை. 73-இலிருந்து 81-க்கு வந்ததை 8 சதவீதம் உயர்வு என்று எழுதக் கூடாது. அது சதவீதப் புள்ளிகளின் வேறுபாடு, அதிலும் 73.5, 80.6 என்ற மூல எண்களைக் கழித்தால் 7 புள்ளிகளே வருகின்றன. தவறுகளைக் கொண்டு பார்த்தால் 27 சதவீதம் குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மையே என்றாலும், பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக 27-ஐ மட்டும் எடுத்துப் போட்டு, எதன் 27 சதவீதம் என்று சொல்லாமல் விட்டால், நேர்காணலின் முதல் ஐந்து நிமிடங்கள் அதை விளக்குவதிலேயே போய்விடும். தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் அப்படியே எழுதிவிடுவது எளிது.

இந்த வகையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் 80.6 வந்தது, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வேறொரு மாடலில் 81.1 வந்தது, ஆகவே மாடலை மேம்படுத்தினேன் என்று எழுதுவது. அரைப் புள்ளி என்பது 1409 பேரில் ஏழு பேர். தரவை வேறு விதமாகப் பிரித்தால் இந்த ஏழு பேர் எதிர்த்திசையிலும் போகலாம். தரவை ஐந்தாகப் பிரித்து மாறி மாறிச் சோதிக்கும் ஐந்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்பு செய்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே மாடல் முன்னே நிற்கிறதா என்று பார்த்திருந்தால் மட்டுமே அதை மேம்பாடு என்று சொல்லலாம். இல்லாவிட்டால் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொண்டு, எளிய மாடலைத் தேர்ந்தேன் என்று சொல்வதுதான் வலுவான பதில்.

இருப்பினும் இரண்டாவது வரிக்கும் ஒரு குறை இருக்கிறது. அக்யூரசி, தங்குபவரை விலகுவார் என்று சொல்வதையும், விலகுபவரைத் தவறவிடுவதையும் ஒரே எடையில் எண்ணுகிறது. மாணவர் விலகியவர்கள், தங்கியவர்கள் என்ற இரு பிரிவுகளுக்கும் மொத்தத்தில் சமமான எடை கொடுத்து, அதாவது `class_weight="balanced"` என்று அமைத்து, அதே மாடலை மறுபடி ஓட்டினால் 374 பேரில் 299 பேர் வரை பிடிபடுவார்கள். அதற்கு விலையாக 290 பேர் தவறாகக் குறிக்கப்படுவார்கள். விலகியவர்களில் பிடிபட்டவர்களின் விகிதமான ரீகால் 56-இலிருந்து 80 சதவீதமாக ஏறுகிறது, அக்யூரசியோ 74-க்கு இறங்கி, ஏறக்குறைய எதுவுமே செய்யாத அடிப்படை அளவில் வந்து நிற்கிறது. விலகுபவர்களைக் கண்டுபிடிப்பதற்காகவே தொடங்கிய புராஜெக்ட்டில், அவர்களைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கும் மாடல் மோசமானதாகத் தோற்றமளிக்கிறது. அக்யூரசியை மையமாக வைத்த எந்த வரியும் இந்த இடத்தில் சரிந்துவிடும்.

ஆகவே மூன்றாவது வகை வரியை நான் முதலிடத்தில் வைக்கிறேன். மாடல் எத்தனை சதவீதம் சரி என்று கேட்பதை விட்டுவிட்டு, அதை வைத்து ஒரு வேலையைச் செய்தால் என்ன கிடைக்கும் என்று அது கேட்கிறது. விலகும் ஆபத்துள்ள வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேச ஒரு குழு இருக்கிறது, அந்தக் குழுவால் ஐந்தில் ஒருவரைத்தான் அழைக்க முடியும் என்று கொள்வோம். மாடல் தரும் நிகழ்தகவின்படி 1409 பேரையும் இறங்குவரிசையில் அடுக்கி, மேலே உள்ள 282 பேரை எடுக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் உண்மையில் விலகியவர்கள் என்று எண்ண வேண்டும். கணக்கு இவ்வளவுதான்:

```python
k = round(len(y_test) * 0.20)
top = np.argsort(-p)[:k]
hits = y_test.values[top].sum()
print(k, hits, hits / y_test.sum())
```

இதில் `p` என்பது விலகுவதற்கான நிகழ்தகவு, `y_test` என்பது 0, 1 ஆக மாற்றப்பட்ட உண்மை விடை. நம் எடுத்துக்காட்டில் 282 பேரில் 189 பேர் விலகியவர்கள் என்று வந்தால், 374 பேரில் பாதிப்பேர் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். குலுக்கல் முறையில் 282 பேரை எடுத்திருந்தால் சுமார் 75 பேர்தான் சிக்கியிருப்பார்கள். வரி இப்படி அமையும்:

"7043 வாடிக்கையாளர்கள் கொண்ட ஐபிஎம் மாதிரித் தரவில் விலகல் ஆபத்துப் பட்டியல் உருவாக்கினேன், தனியே வைத்த 1409 பேரில், பட்டியலின் மேல் 20 சதவீதத்தினர் விலகியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரை உள்ளடக்கினர், இது குலுக்கல் தேர்வைப்போல் 2.5 மடங்கு."

இந்த வரியில் தரவின் அளவும் மூலமும் இருக்கின்றன, சோதனை எதன்மீது நடந்தது என்பது இருக்கிறது, ஒப்பிடும் அளவும் இருக்கிறது. புள்ளியியல் அறியாத மனிதவள அலுவலருக்கும் இது புரியும், புள்ளியியல் அறிந்தவருக்கோ அடுத்த கேள்வியைக் கேட்க இடம் தரும். ஏறத்தாழ பாதி என்று எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. 374 பேரை வைத்துக் கணக்கிட்ட விகிதத்துக்கு இரு பக்கமும் சுமார் 5 புள்ளிகள் தள்ளாட்டம் இருக்கும். அதை 50.53 என்று எழுதுபவர் தன் எண்ணின் எல்லையை அறியாதவர் என்பதையே காட்டிக்கொடுக்கிறார்.

இந்த எண்ணைக் கெடுக்கக் கூடிய பிழைகள் இரண்டு. ஒன்று, 20 சதவீதம் என்ற எல்லையைச் சோதனை விடையைப் பார்த்துவிட்டு முடிவுசெய்வது. 10, 15, 20, 25 எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, அழகாகத் தெரிவதை எடுத்தால் அந்த எண் தேர்ந்தெடுத்த எண்ணாகிவிடும். எல்லையை முன்பே, அழைக்கக் கூடிய எண்ணிக்கை போன்ற ஒரு காரணத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். மற்றது இன்னும் பெரியது: விலகியவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்பதற்காக, தரவைப் பிரிப்பதற்கு முன்பே ஸ்மோட் போன்ற முறையால் செயற்கை வரிசைகளைச் சேர்த்துவிடுவது. அப்போது பயிற்சியில் உள்ள ஒருவரின் சாயலில் செய்த செயற்கை வாடிக்கையாளர் சோதனையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இந்தத் தரவில் 90-ஐத் தாண்டிய அக்யூரசியைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கண்டுபிடிப்பதும் எளிது. `classification_report` அச்சிடும் அட்டவணையின் `support` பத்தியைப் பார்த்தால் போதும். சோதனையில் விலகியவர்கள் நான்கில் ஒருவர் அளவில் இல்லாமல் சரிபாதிக்கு அருகில் இருந்தால், செயற்கை வரிசைகள் சோதனைக்குள் புகுந்துவிட்டன என்று பொருள். இணையத்தில் கிடைக்கும் நோட்புக்கை அப்படியே பின்பற்றியவர்களின் ரெஸ்யூமேயில் 95 சதவீதம் என்று இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அனுபவமுள்ள நேர்காணலாளரை அந்த எண் வியக்கவைப்பதில்லை. எப்போது பிரித்தீர்கள் என்ற கேள்வியைத்தான் அவர் கேட்பார்.

நான்காவது வகை வரியில் மாடலே இல்லை. டேட்டா அனலிஸ்ட் பணிக்கு விண்ணப்பிப்பவருக்கு இது மூன்றாவதைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. `Contract` என்ற பத்தியைக் கொண்டு தரவைத் தொகுத்தால் மாத ஒப்பந்தத்தில் உள்ள 3875 பேரில் 1655 பேர் விலகியிருப்பது தெரியவரும். ஓராண்டு ஒப்பந்தத்தில் 1473 பேரில் 166 பேர், ஈராண்டு ஒப்பந்தத்தில் 1695 பேரில் 48 பேர். சதவீதத்தில் முறையே 43, 11, 3. விலகிய 1869 பேரில் 89 சதவீதத்தினர் மாத ஒப்பந்தக்காரர்கள்.

"7043 வாடிக்கையாளர்களை ஒப்பந்த வகைப்படி எஸ்க்யூஎல்லில் தொகுத்து, விலகியவர்களில் 89 சதவீதத்தினர் மாத ஒப்பந்தத்தில் இருந்ததைக் கண்டறிந்தேன், அப்பிரிவின் விலகல் விகிதம் 43%, ஈராண்டு ஒப்பந்தத்தில் 3%."

அனலிஸ்ட் வேலையில் நாள்தோறும் நடப்பது இதுதான்: ஒரு கேள்வியை எடுத்து, தொகுத்து, எங்கே வேறுபாடு குவிந்திருக்கிறது என்று காட்டுவது. இந்த எண்களில் சோதனைப் பிரிவோ சீரற்ற விதையெண்ணோ சம்பந்தப்படவில்லை. யார் ஓட்டினாலும் அதே விடை வரும், நேர்காணலாளரே அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதோடு நிறுத்த வேண்டும். வாடிக்கையாளர்களை ஈராண்டு ஒப்பந்தத்துக்கு மாற்றினால் விலகல் 3 சதவீதமாகும் என்று ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அது தவறு. நீண்ட நாள் தங்க நினைப்பவர்களே நீண்ட ஒப்பந்தத்தை எடுக்கிறார்கள் என்பதற்கு வாய்ப்பு மிகுதி. அதனால் இந்தத் தரவு தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை. இந்த வேறுபாட்டை வரியில் விளக்க இடமில்லை; கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அனலிஸ்ட் ரெஸ்யூமேயின் இரண்டாவது வரிக்குத் தரவைச் சுத்தம் செய்த எண் பொருந்தும், அது மிகச் சிறியதாக இருந்தாலும். இதே கோப்பில் `TotalCharges` பத்தி எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் படிக்கப்படும், ஏனெனில் 11 வரிசைகளில் எண்ணுக்குப் பதில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. அந்த 11 பேருக்கும் `tenure` பூஜ்யம். அதாவது அவர்கள் இன்னும் முதல் கட்டணம் கட்டாத புதிய வாடிக்கையாளர்கள். விடுபட்ட தரவு என்று நினைத்து நீக்குவதோ சராசரியை இட்டு நிரப்புவதோ பொருந்தாது, பூஜ்யம் இடுவதே சரி. காரணத்தைத் தேடிப் பார்த்து முடிவெடுத்தவர் என்பதைப் பெரிய எண்கள் காட்டாத அளவுக்கு இந்த 11 காட்டிவிடும். தரவு முழுவதையும் சுத்தம் செய்து தரத்தை 100 சதவீதமாக்கினேன் என்பது போன்ற வரிகளை நான் பார்க்கும்போதெல்லாம், அந்தத் தரம் எதைக் கொண்டு அளக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை கிடைத்ததில்லை.

ஐந்தாவது வகை வரியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

"வாடிக்கையாளர் விலகலை 25% குறைத்து நிறுவனத்தின் வருவாயைப் பாதுகாத்தேன்."

அனுபவசாலிகளின் ரெஸ்யூமேயில் இப்படிப்பட்ட வரிகள் இருப்பதைப் பார்த்து, அதே அச்சில் மாணவர்களும் வார்த்துவிடுகிறார்கள். யாரையும் அழைக்கவில்லை, யாருக்கும் சலுகை தரவில்லை, யாரும் மனம் மாறித் தங்கவில்லை. அந்த நிறுவனமே கற்பனை. எனவே விலகல் குறைந்தது என்ற எண்ணுக்கு எந்தக் கணக்கும் இருக்க முடியாது. இதை எழுதுபவர்கள் எல்லோரும் ஏமாற்ற நினைப்பவர்கள் என்று நான் கருதவில்லை. விளைவு என்றால் பணமாகவோ வணிகமாகவோதான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் எப்படி அளந்தீர்கள் என்ற ஒரே கேள்வியில் இந்த வரி விழுந்துவிடும், அதோடு மற்ற வரிகளில் உள்ள உண்மையான எண்களும் சந்தேகத்துக்குள்ளாகும். பணத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று நினைப்பவர், மேல் 20 சதவீதப் பட்டியலில் பிடிபட்ட 189 பேரின் `MonthlyCharges` தொகையைக் கூட்டி, அந்தப் பட்டியல் அடையாளம் காட்டிய மாதக் கட்டணம் இவ்வளவு என்று எழுதலாம். அது தரவில் இருக்கும் தொகை. அதைச் சேமிப்பு என்று மட்டும் பெயரிடக் கூடாது.

டேட்டா இன்ஜினியர் பணிக்கு விண்ணப்பிப்பவருக்கு இந்தப் புராஜெக்ட்டே பொருந்தாது. கோப்பு ஒரு மெகாபைட்டைச் சுற்றியுள்ள அளவுதான். அதன்மீது ஓட்ட நேரத்தை 60 சதவீதம் குறைத்தேன் என்று எழுதினால் இரண்டு நொடி ஒரு நொடிக்குக் கீழே வந்ததாகத்தான் பொருள். அவர்கள் பல லட்சம் வரிசைகள் கொண்ட வேறொரு பணியை எடுத்து, ஒரே கணினியில் பலமுறை ஓட்டி, நடு மதிப்பை எழுதுவது நல்லது.

நால்வர் சேர்ந்து செய்த புராஜெக்ட் என்றால் எந்த எண் யாருடையது என்ற சிக்கல் வரும். ஒரே வகுப்பிலிருந்து நான்கு ரெஸ்யூமேக்கள் ஒரே நிறுவனத்தின் கேம்பஸ் நேர்காணலுக்குப் போகும்போது, நான்கிலும் அதே வரி இருந்தால் அது உடனே கண்ணில் படும். புராஜெக்ட்டின் தலைப்பு வரியில் நால்வர் குழு என்று குறித்துவிட்டு, கீழே உள்ள வரிகளில் தான் செய்த பகுதியின் எண்ணை மட்டும் தருவது சரி. சுத்தம் செய்தவர் அந்த 11 வரிசைகளையும், தொகுத்தவர் ஒப்பந்த விகிதங்களையும், மாடலைச் சோதித்தவர் பட்டியல் கணக்கையும் எழுதலாம். அப்போது ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வரி கிடைக்கிறது, ஒவ்வொருவராலும் தன் வரியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசவும் முடிகிறது.

ஆகவே டேட்டா சயின்டிஸ்ட் பணி என்றால் மூன்றாவது வரி முதலிலும், இரண்டாவது வரி அக்யூரசிக்குப் பதில் ரீகால், பிரிசிஷன் எண்களோடு அதற்கடுத்தும் வரட்டும். 56 சதவீத ரீகாலும், மாடல் குறித்தவர்களில் உண்மையில் விலகியவர்களின் விகிதமான 66 சதவீத பிரிசிஷனும் சேர்ந்து நின்றால் மாடலின் இரு முகங்களும் தெரிந்துவிடும். அனலிஸ்ட் பணி என்றால் ஒப்பந்த வகை வரி முதலில், வெற்றிட வரிசைகளைப் பற்றிய வரி அடுத்து, மாடல் ஓரமாக இருந்தால் போதும். ரெஸ்யூமேயை ஆங்கிலத்தில் எழுதும்போது இவ்வரிகள் இரண்டு அடிகளுக்குள் அடங்கிவிடும். நீளம் மிஞ்சினால் முதலில் வெட்ட வேண்டியது மாடலின் பெயர், கடைசிவரை விடக் கூடாதது சோதனைத் தரவின் அளவும் ஒப்பிடும் எண்ணும். எழுதிய ஒவ்வொரு எண்ணும் நோட்புக்கின் எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பதைக் கிட்ஹப்பில் உள்ள `README.md` கோப்பில் குறித்து, விதையெண்ணையும் அதிலேயே எழுதிவைத்தால், நேர்காணலுக்கு முந்தைய நாள் மறுபடி ஓட்டிப் பார்த்து அதே எண் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம்.